பச்சை பாக்கெட்டை நிறுத்தணும், ஆனா அதை வாங்கறவங்க நம்மகிட்டயே இருக்கணும் – வழி சொல்லுங்க

டிகாஷன்_பையன்
வணக்கம். குடும்பத் தொழில் காபித்தூள். கும்பகோணம் பக்கம். அப்பா ஆரம்பிச்சது, இப்ப நான் பாக்கறேன். கடைக்காரங்க இங்க படிப்பாங்கங்கறதால பேரைச் சொல்லல. எங்களுக்கு ரெண்டு பிராண்ட் பேரு இருக்கு. ஒண்ணு பெரிய பேரு, மெரூன் பாக்கெட், 80:20 காபி-சிக்கரி கலவை. இன்னொண்ணு 2009ல அப்பா போட்டது, பச்சை பாக்கெட், 60:40, விலை கம்மி. அதுக்கு எங்க அத்தை பேரு வச்சார்.

பெரிய பேரு மாசம் 11 டன் போகுது. பச்சை 1.4 டன்லயே நின்னுடுச்சு. அதுல 900 கிலோ டீக்கடை, மெஸ்ஸுக்கு அரைக் கிலோ பொட்டலமா போகுது. மிச்ச 500 கிலோதான் சில்லறைக் கடைக்கு, 50 கிராமும் 100 கிராமுமா. இந்த 500 கிலோவுக்குத் தனி அச்சு, தனி ரோல், தனி ஸ்கீம், தனி போர்டு. சேல்ஸ் பையன் கடையில அஞ்சு நிமிஷம் நின்னா ரெண்டு நிமிஷம் இதுக்கே போயிடுது.

ரெண்டையும் ஒரே பேர்ல கொண்டு வரணும்னு முடிவு பண்ணிட்டேன். ஆனா பச்சை வாங்கறவங்க 15 வருஷமா மாறாதவங்க. அவங்க அடுத்த கம்பெனிக்குப் போயிடக் கூடாது. எங்கிருந்து ஆரம்பிக்கறது?

மார்க்கெட்டிங்_மணி
சிம்பிள் ப்ரோ. பச்சையை ஒரே நாள்ல நிறுத்துங்க. மூணு மாசத்துக்கு மெரூன் பாக்கெட்டைப் பச்சை விலைக்கே குடுங்க. நல்ல தூள் குடிச்சுப் பழகிட்டா யாரும் கீழ இறங்க மாட்டாங்க. வீக்கான பேரை வச்சு இழுத்துட்டே இருக்கறதுதான் தப்பு.

டீ_மாஸ்டர்_மதுரை
மணி தம்பி, நீங்க கடைப் பக்கம் வந்ததில்லன்னு தெரியுது. போன வருசம் எனக்குத் தூள் போடுறவர் சொல்லாமக் கொள்ளாமக் கலவைய மாத்திட்டாரு. பொட்டலம் அதே பொட்டலம்தான். காலைல அஞ்சு மணிக்கு டிகாசன் இறக்குனா நிறமே வரல. எப்பவும் போடுற அளவுதான் போட்டேன். பால்ல ஊத்துனா வெளுத்துப் போய் நிக்குது. ஆறு மணிக்கு வர்ற ஆட்டோக்காரரு ஒரு வாய் குடிச்சுட்டு "என்ன மாஸ்டர், ஆள மாத்திட்டீகளா"ன்னு கேட்டாரு. அன்னைக்கே வேற தூள் வாங்கிட்டேன். அது உயர்ந்த தூளா, மட்டமான தூளான்னு நான் யோசிக்கவே இல்ல. நிறம் வரல, அவ்ளோதேன்.

பழைய_ஏரியா_மேனேஜர்
மாஸ்டர் சொன்னதுதான் முதல் விஷயம். சிக்கரி கூடின தூள் மட்டமான தூள்னு தயாரிக்கறவர் நினைப்பார். வாங்கறவர் அப்படி நினைக்கறதில்லை. 40 சதம் சிக்கரி இருந்தா டிகாஷன் கறுப்பா, திக்கா இறங்கும். கொஞ்சம் தூள்ல நிறைய டம்ளர் தேறும். 80:20 குடுத்தா அதே நிறத்துக்கு டீக்கடைக்காரர் தூளைக் கூட்டிப் போடணும். மூணு மாசம் சலுகை விலையில சமாளிப்பார். நாலாவது மாசம் கணக்குப் பார்த்துட்டு ஓடிடுவார். அதனால மணி, நீங்க இழுக்காதீங்கன்னு சொன்னது சரி. கலவையை மாத்துங்கன்னு சொன்னதுதான் தப்பு.

நான் 28 வருஷம் விற்பனையில இருந்தவன். சோப்பு, பற்பொடி, பிஸ்கட்னு ஆறேழு பேருங்களை நிறுத்தற வேலையில நேரடியா இருந்திருக்கேன். தம்பிக்கு ஒரு கேள்வி. கடையில வந்து பச்சையை எப்படிக் கேக்கறாங்க? அத்தை பேரைச் சொல்லியா, "பச்சை பாக்கெட்"னா, "இவ்வளவு ரூபா பாக்கெட்"னா? இது தெரியாம எந்த முடிவும் எடுக்காதீங்க. டீலர்கிட்ட கேக்காதீங்க, அவர் உங்க காதுக்கு இனிமையா எதையாவது சொல்லுவார். ரெண்டு மளிகைக் கடையில, ரெண்டு நாள் காலைல, கல்லாப் பக்கம் ஓரமா நின்னு காதால கேளுங்க. ஒரு துண்டுச் சீட்டுல கோடு போட்டுட்டு வாங்க.

கார்_காதலன்_ஓசூர்
டாபிக் பாத்துட்டு வந்தேன். என்கிட்ட டாட்சன் கோ இருக்கு. பேரை நிறுத்திட்டாங்களே, இப்ப வித்தா என்ன விலை போகும்னு யாராவது சொல்ல முடியுமா?

மளிகை_அக்கா_காரைக்குடி
தம்பி, இது காபித்தூள் இழை. 🙂

பழைய_ஏரியா_மேனேஜர்
இல்ல அக்கா, அவர் தெரியாமலே நல்ல உதாரணத்தைக் கொண்டு வந்திருக்கார். (விலை பத்தி எனக்குத் தெரியாது தம்பி, கார் இழையில கேளுங்க.)

டாட்சன் பேரை நிசான் ரெண்டு தடவை நிறுத்தியிருக்கு. முதல் தடவை 1981ல அறிவிச்சாங்க. அப்ப அமெரிக்காவுல நிசான்னா யாருன்னே பலருக்குத் தெரியாது. 240 இசட் காரெல்லாம் டாட்சன் பேர்லதான் பேர் வாங்கியிருந்தது. அதாவது நிறுத்தினது பலவீனமான பேரை இல்ல, ஜனங்க வாயில இருந்த பேரை. உலகம் பூரா ஒரே பேரு வேணும்னு கம்பெனி நினைச்சது. கொஞ்ச காலம் "டாட்சன் பை நிசான்"னு ரெண்டு பேரையும் சேர்த்து வண்டியில ஒட்டினாங்க, "த நேம் இஸ் நிசான்"னு வருஷக்கணக்கா விளம்பரம் பண்ணாங்க. அப்படியும் பழைய பேரு ஜனங்க வாயை விட்டுப் போக ரொம்ப நாள் ஆச்சு.

ரெண்டாவது தடவை கதை வேற. 2012ல அந்தப் பேரை உயிர்ப்பிச்சு, 2014ல இந்தியாவுல விலை கம்மியான காருக்கு வச்சாங்க. சென்னை ஒரகடம் ஆலையில செஞ்சாங்க. கோ, கோ பிளஸ், ரெடி-கோன்னு வந்தது. எதிர்பார்த்த மாதிரி போகல. 2020ல ரஷ்யா, இந்தோனேசியாவுல விட்டாங்க, 2022 ஏப்ரல்ல இங்கயும். அப்ப நிசான் சொன்னதைக் கவனிங்க. ஏற்கெனவே வாங்கினவங்களுக்கு சர்வீஸ், உதிரி பாகம், வாரண்டி எல்லாம் நிசான் கடைகள்ல தொடரும்னு அந்த அறிவிப்புலயே சேர்த்துச் சொன்னாங்க. கார் வாங்கினவனுக்கு அந்தப் பேரு மேல பாசம் இருக்கோ இல்லையோ, ஆயில் மாத்த எங்க போறதுங்கற பயம் இருக்கும். அதுக்குத்தான் பதில் முதல்ல போகணும்.

தம்பிக்கு நான் கேட்ட கேள்வியும் அதுதான். உங்க ஆளுங்க எதை இழந்துடுவோம்னு பயப்படுவாங்க? பேரையா, நிறத்தையா, ருசியையா, விலையையா? அது எதுவோ அதைத் தொடாதீங்க. மத்ததை மாத்திக்கலாம்.

கார்_காதலன்_ஓசூர்
சாரி, தப்பான இடத்துல கேட்டுட்டேன். ஆனா சார் சொன்னது உண்மை. செய்தி வந்த அன்னைக்கு நான் பேரைப் பத்தி நினைக்கவே இல்ல. சர்வீஸ் எங்கன்னுதான் தேடினேன்.

டிகாஷன்_பையன் (நாலு நாள் கழிச்சு)
சார், நின்னு பாத்துட்டு வந்தேன். ஒரு கடை திருவிடைமருதூர்ல, ஒண்ணு பாபநாசத்துல. ரெண்டு காலையும் சேர்த்து பச்சை வாங்கினவங்க 31 பேர்.

18 பேர் "பச்சை காபித்தூள்" இல்ல "பச்சை பாக்கெட்". 8 பேர் "முப்பத்தஞ்சு ரூபா காபித்தூள்". அத்தை பேரைச் சொன்னது 5 பேர்தான், அஞ்சு பேருக்கும் 60 வயசுக்கு மேல இருக்கும். அதுல ஒரு பாட்டி பேரைத் தப்பாச் சொன்னாங்க, கடைக்காரர் சரியா எடுத்துக் குடுத்தார். ஒரு சின்னப் பொண்ணு வந்து எதுவுமே சொல்லல. தொங்கற சரத்தைக் கையால காட்டினா. அவளைப் பச்சைக் கணக்குல சேர்த்துட்டேன்.

அப்பாகிட்ட காட்டினேன். சீட்டைப் பாத்துட்டு ஒண்ணும் பேசல.

பழைய_ஏரியா_மேனேஜர்
வேலை பாதி முடிஞ்சுது. பச்சை நிறம், 60:40 கலவை, 35 ரூபா. இந்த மூணும் அப்படியே இருக்கணும். பேரு மட்டும் மாறலாம். பேரைக் கொன்னு நிறத்தைக் காப்பாத்தறோம்.

அடுத்தது சரக்கு. பச்சைல அச்சடிச்ச ரோல் கையில எவ்வளவு இருக்கு?

டிகாஷன்_பையன்
90 கிலோ. 100 கிராம் பாக்கெட் ஒண்ணுக்கு நாலரை கிராம் ஃபிலிம் போகும். அரைக் கிலோ பொட்டலத்துக்கு ரோல் கிடையாது, வெறும் கவர்ல ஸ்டிக்கர்.

பழைய_ஏரியா_மேனேஜர்
அப்ப 90 கிலோவுல 20,000 பாக்கெட் வரும். 2 டன் தூள். மாசம் 500 கிலோ போகுதுன்னா நாலு மாசம் ஓடும். 50 கிராம் பாக்கெட்டும் போடறதால கொஞ்சம் முன்னாடியே தீரும். ஆக உங்க தேதியை அந்த ரோலே சொல்லிடுச்சு. ரோலைத் தூக்கிப் போட வேண்டாம். அதே நேரம் ஒரு மீட்டர் கூடப் புதுசா அடிக்காதீங்க.

டீக்கடை ஸ்டிக்கரை இப்பவே மாத்திடலாம். ஆனா ஸ்டிக்கர் மாறறதுக்கு முந்தின வாரம் டெலிவரி பையன் ஒவ்வொரு மாஸ்டர்கிட்டயும் நேர்ல சொல்லணும். "பேரு மாறுது, தூள் மாறல, ஒரு தடவை இறக்கிப் பாருங்க." முதல் பொட்டலத்தை அவர் கண் முன்னாடி டிகாஷன் போடச் சொன்னா இன்னும் நல்லது. வாட்ஸாப்புல அனுப்பி முடிச்சுடலாம்னு நினைக்காதீங்க.

சில்லறைப் பாக்கெட்டுல மட்டும் ஒரு இடைக்காலம் வேணும். பெரிய பேரு மேல பெருசா, அத்தை பேரு கீழ சின்னதா, அதுக்கு அடியில "அதே தூள், அதே கலவை"ன்னு ஒரு வரி. இந்தப் பாக்கெட் ஒரு ரோல் ஓடட்டும். அடுத்த ரோல்ல அத்தை பேரு பின்பக்கம் போயிடும்.

டீ_மாஸ்டர்_மதுரை
நேர்ல வந்து சொன்னா போதும்ணே. எங்களுக்கு மரியாதை அதுதேன்.

மளிகை_அக்கா_காரைக்குடி
எங்க சூப்பர் மார்க்கெட்ல நடக்கறதைச் சொல்றேன். பேரு மாறினா புது பார்கோடு வாங்குங்க தம்பி, பழசையே ஓட்டாதீங்க. பழைய கோடுலயே புதுப் பாக்கெட் வந்தா பில்லுல பழைய பேரு விழும். வீட்டுக்குப் போயி பில்லைப் பாத்துட்டு "நான் வாங்கினது வேற, போட்டது வேற"ன்னு திரும்பி வருவாங்க. புதுக் கோடு வந்தா எங்க கம்ப்யூட்டர்ல முன்கூட்டியே ஏத்தணும். சரக்கு வண்டி வந்து நின்னதுக்கப்புறம் சொல்ற கம்பெனிங்களும் உண்டு. ரெண்டு நாள் சரக்கு பின்னாடி ரூம்ல கிடக்கும், அந்த இடத்துல பக்கத்துப் பாக்கெட்டை நகர்த்தி வச்சுடுவாங்க. அப்புறம் அந்த இடம் திரும்பக் கிடைக்காது.

இன்னொண்ணு. பழைய பேரு மேல ஸ்டிக்கர் ஒட்டி மறைக்காதீங்க. எங்க கடைக்கு வர்ற பெரியவங்க நகத்தால சுரண்டிப் பாக்காம விட மாட்டாங்க. பழைய சரக்கைத் தள்ளி விடறாங்கன்னுதான் நினைப்பாங்க.

மார்க்கெட்டிங்_மணி
சரி, கலவை விஷயத்துல நான் தப்புதான். ஆனா ஒண்ணு கேக்கறேன். பெரிய பேரோட கௌரவமே 80:20தான். அதே பேரை 40% சிக்கரித் தூள் மேல போட்டா என்ன ஆகும்? சிக்கரி எவ்வளவுன்னு பாக்கெட்ல போட்டே ஆகணும். கடைக்காரர் என்ன சொல்லுவார் தெரியுமா? "அதே கம்பெனிதாம்மா, இது 100 கிராமுக்கு 22 ரூபா கம்மி." பச்சை வாங்கறவங்களைக் காப்பாத்தப் போயி மெரூன் வாங்கறவங்களைக் கீழ இறக்கிடுவீங்க. 500 கிலோவுக்காக 11 டன்னை ஆட்டறது புத்திசாலித்தனமா?

பழைய_ஏரியா_மேனேஜர்
நல்ல கேள்வி மணி. இதுக்கு என்கிட்ட முழுசா பதில் கிடையாது. ஆபத்து உண்மைதான். குறைக்கலாம், ஒழிக்க முடியாது. பச்சைக்கும் மெரூனுக்கும் பாக்கெட் அமைப்பு ஒண்ணு போல இருக்கக் கூடாது. பெரிய பேரு பச்சை மேல மெரூன்ல இருக்கற எழுத்துல, அளவுல வரக் கூடாது. "ஸ்ட்ராங்"ங்கற மாதிரி ஒரு சொல்லு பெருசா நிக்கட்டும், கம்பெனிப் பேரு அதுக்கு மேல கொஞ்சம் அடக்கமா வரட்டும். அப்ப கடைக்காரர் "அது மைல்டு, இது ஸ்ட்ராங்"னு விளக்குவார். "அது ஒசத்தி, இது மட்டம்"னு சொல்ல மாட்டார். சொல்ல மாட்டார்னு நம்பறேன்.

எப்படித் தெரிஞ்சுக்கறதுன்னா, மெரூனும் பச்சையும் ரெண்டுமே போற கடைங்களைத் தனியா ஒரு நோட்டுல எழுதுங்க. பச்சை கூடி, அதே கடையில மெரூன் குறைஞ்சா மணி சொன்னது நடக்குது. பச்சை மட்டும் குறைஞ்சா ஆளுங்க வெளிய போறாங்க. மொத்த டன்னைப் பாத்துட்டு இருந்தா ரெண்டுமே கண்ணுக்குத் தெரியாது.

மார்க்கெட்டிங்_மணி
நான் இன்னும் ஒத்துக்கல. சில்லறையில பச்சையை நிறுத்திட்டு டீக்கடைக்கு மட்டும் வச்சுக்கலாம்ங்கறதுதான் என் கட்சி.

வக்கீல்_குமாஸ்தா
இடையில ஒரு வார்த்தை. அத்தை பேரு டிரேட்மார்க் பதிவு ஆகியிருக்கா? ஆகியிருந்தா பேரை நிறுத்தற வேகத்துல அதை மறந்துடாதீங்க. பதிவு 10 வருஷம், அப்புறம் புதுப்பிக்கணும். ஆனா புதுப்பிச்சா மட்டும் போதாது. தொடர்ந்து 5 வருஷத்துக்கு மேல பயன்படுத்தாம கிடந்தா, வேற ஒருத்தர் அதைப் பதிவுலருந்து நீக்கச் சொல்லி மனு போடலாம். 1999 சட்டத்துல பிரிவு 47. நீங்க விட்ட பேரை எடுத்து, அதே பச்சையில எவனாவது தூள் போட்டான்னா நீங்க சேர்த்த நல்ல பேரு அவனுக்குப் போகும். பின்பக்கம் சின்ன எழுத்துல போடறது "பயன்பாடு"ன்னு நிக்குமாங்கறது வாதத்துக்குரியது. எங்காவது கொஞ்சம் சரக்கு அந்தப் பேர்லயே உண்மையா வித்துட்டு இருந்தா பாதுகாப்பு.

டிகாஷன்_பையன்
2011ல பதிவு பண்ணி 2021ல புதுப்பிச்சாச்சு. நன்றிங்க.

இப்ப வேற சிக்கல். சிவகாசியில அச்சடிக்கறவர்கிட்ட பேசினேன். பேரை மட்டும் மாத்தறதுதானே, ஒரு நிறத்தோட அச்சு சிலிண்டரை மாத்தினா போதும்னு நினைச்சேன். அவர் சிரிச்சுட்டார். "தம்பி, உங்க பேரு வெள்ளை எழுத்து. அது தனியா அடிச்சது இல்ல, பச்சையில விட்ட ஓட்டை, பின்னால வெள்ளை தெரியுது. பேரை மாத்தினா பச்சை சிலிண்டரையே மாத்தணும்"ங்கறார். இப்ப ஒரு தடவை, இடைக்காலம் முடிஞ்சு இன்னொரு தடவை, ரெண்டு தடவை பச்சை சிலிண்டர் செலவு.

பழைய_ஏரியா_மேனேஜர்
செலவை விடப் பெரிய பயம் ஒண்ணு இருக்கு. புது சிலிண்டர், புது மை. பச்சை ஒரு சாயல் மாறிடும். 31 பேர்ல 18 பேர் எதை நம்பி வாங்கறாங்களோ அதே நிறம். பழைய ரோல்ல அரை மீட்டர் வெட்டி அச்சகத்துக்குக் குடுங்க, அதுக்கு ஒத்து வந்தா மட்டும் ஓட்டச் சொல்லுங்க. நீங்களே போயி நில்லுங்க. டியூப் லைட் கீழ பாக்காதீங்க, வாசல்ல வெயில்ல வச்சுப் பாருங்க.

ரெண்டு தடவை செலவுக்கு வழி இருக்கு. பச்சை சிலிண்டரை இப்பவே கடைசி வடிவத்துக்குச் செஞ்சுடுங்க, அத்தை பேரு இல்லாம. இடைக்காலப் பாக்கெட்டுக்கு அத்தை பேரையும் "அதே தூள்" வரியையும் கறுப்புல பச்சை மேல அடிங்க. அடுத்த ரோலுக்குக் கறுப்பு சிலிண்டர் ஒண்ணு மட்டும் மாத்தினா போதும்.

டிகாஷன்_பையன்
இது எனக்குத் தோணவே இல்ல சார். அச்சகத்துல கேட்டேன், முடியும்னு சொல்லிட்டார்.

மளிகை_அக்கா_காரைக்குடி
டீலர்களுக்கு எப்ப சொல்லப் போறீங்க?

பழைய_ஏரியா_மேனேஜர்
அக்கா சரியான இடத்துல கை வச்சாங்க. இதுலதான் நானே ஒரு தடவை சறுக்கியிருக்கேன். ஒரு சோப்புப் பேரை நிறுத்தறோம்னு மூணு மாசம் முன்னாடியே டீலர்களுக்குச் சொல்லிட்டோம். நேர்மையா இருக்கணும்னு நினைச்சோம். அடுத்த வாரமே ஒருத்தர் இருக்கற சரக்கையெல்லாம் பாதி விலைக்குச் சந்தையில இறக்கிட்டார். கடைக்காரங்க "அது போன சரக்கு"ன்னு மேல் தட்டுக்கு ஏத்திட்டாங்க. புது சோப்பு வந்தப்ப அதையும் போன சரக்காத்தான் பாத்தாங்க.

அதனால "நிறுத்தறோம்"ங்கற சொல்லே வெளிய போகக் கூடாது. போறது பேருதான், சரக்கு இல்லையே. "பாக்கெட் மாறுது"ன்னு சொல்லுங்க, அது பொய்யும் இல்லை. புதுப் பாக்கெட் வர்றதுக்கு ஒரு மாசம் முன்னாடியிலருந்து டீலருக்குப் பழைய பாக்கெட் பில் போடறதைக் குறைங்க. கடையில கடைசியா தங்கற பழைய பாக்கெட்டை ஒண்ணுக்கு ஒண்ணு மாத்திக் குடுங்க. 420 கடைன்னு வச்சாலும் கடைக்கு நாலஞ்சு பாக்கெட்தான் மிஞ்சும். அதுக்கு ஸ்கீம் போட்டுத் தள்ளினீங்கன்னா, 35 ரூபாப் பாக்கெட் 30க்குக் கிடைக்கும்ங்கற பழக்கத்தை நீங்களே கத்துக் குடுத்த மாதிரி ஆயிடும்.

டீ_மாஸ்டர்_மதுரை
கும்பகோணத் தூள் மதுரைக்கு வருமாண்ணே? கேட்டு வைக்கிறேன்.

டிகாஷன்_பையன்
வரும்ணே, தனியா மெசேஜ் பண்றேன்.

அப்பா நேத்து ராத்திரி பேசினார். இடைக்காலப் பாக்கெட்டுக்கு ஒத்துக்கிட்டார். அதுக்கப்புறம் அத்தை பேரு பின்பக்கம் போறதுக்கு ஒத்துக்கல. "அவ நகைய வச்சுத்தான் முதல் அரவை மிஷின் வந்தது"ன்னார். இது எனக்கு இத்தனை நாள் தெரியாது. வக்கீல் சார் சொன்னதைச் சொன்னேன், கொஞ்சமாவது அந்தப் பேர்ல ஓடணும்னு. உடனே, கோயில் தெருவுல இருக்கற எங்க பழைய கடையில மட்டும், தகர டப்பாவுலருந்து அளந்து, அந்தப் பேரு போட்ட காகிதப் பையில குடுக்கலாம்ங்கறார். அங்க தினம் ரெண்டு கிலோ போகும். இந்த அளவு போதுமா வக்கீல் சார்?

வக்கீல்_குமாஸ்தா
பில்லு அந்தப் பேர்ல போடறீங்களா? அதை முதல்ல சொல்லுங்க.